64 சதவீதம் என்று சொன்னோம், பெண் பிள்ளைகளை மறந்தோம்

எங்கள் ஊரில் நடக்கும் இலவச மாலை வகுப்பை 4 மணியிலிருந்து மஃரிபுக்குப் பின் 7 மணிக்கு மாற்றலாமா என்று பிள்ளைகளிடம் கேட்டு, வட்ஸ்அப்பில் ஒரு கூகுள் படிவம் அனுப்பியிருந்தோம். பதில்கள் வந்ததும் எங்களில் ஒருவர் அவசரமாகக் கணக்குப் பார்த்து, "84 பேரில் 54 பேர் ஆம். 64 சதவீதம். மாற்றுவோம்" என்றார். நாங்களும் தலையாட்டினோம். அந்த அவசரம் பிழை. எப்படிப் பிழை என்பதை எழுதி வைப்பது, ஊரில் சங்கம், நூலகம், விளையாட்டுக் கழகம் நடத்துகிற மற்றவர்களுக்கும் உதவும்.

முதல் சந்தேகத்தைத் தாளே தந்தது. பதில்கள் விழுந்த தாளின் கடைசி வரி எண் 97. தலைப்பு வரியைக் கழித்தால் 96 பேர். அப்படியானால் 12 பேர் எங்கே? இந்தச் சூத்திரமும் 96 என்றே காட்டியது:

```
=COUNTA(A2:A)
```

காரணம் இதுதான். பிவட் அட்டவணையில் Values என்ற இடத்தில் "நேரத்தை மாற்றலாமா" என்ற கேள்வியையே போட்டிருந்தோம். COUNTA வெற்றுக் கட்டங்களை எண்ணாது. ஆகவே அந்தக் கேள்வியை வெறுமையாக விட்ட 12 பேரும் கணக்கில் இல்லாமல் போனார்கள். Values இல் எப்போதும் நிரம்பியிருக்கும் நிரலைத்தான் போட வேண்டும். படிவம் தானாகவே பதியும் Timestamp அதற்குப் பொருத்தமானது.

திருத்தி மீண்டும் செய்தோம். Insert > Pivot table. Rows இல் ஆண்/பெண், Columns இல் அந்தக் கேள்வி, Values இல் Timestamp, Summarize by என்ற இடத்தில் COUNTA. இரண்டு வரி வர வேண்டிய இடத்தில் நான்கு வரி வந்தது. ஆணா பெண்ணா என்பதைத் தெரிவு செய்ய விடாமல், தட்டச்சு செய்ய விட்டது எங்கள் தவறு. "பெண்" என்று ஒரு வரி, பின்னால் இடைவெளி விட்ட "பெண் " என்று இன்னொரு வரி, `F` என்று மற்றொன்று. கண்ணுக்கு முதலிரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. தாளைப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, Data > Data cleanup > Trim whitespace மூலம் இடைவெளிகளை நீக்கினோம். `F` ஐ Find and replace மூலம் மாற்றினோம். இப்போது இரண்டு வரிகள்தான்.

ஆண் பிள்ளைகள் 56 பேர்: ஆம் 44, இல்லை 9, வெறுமை 3.
பெண் பிள்ளைகள் 40 பேர்: ஆம் 10, இல்லை 21, வெறுமை 9.

Show as என்ற இடத்தில் % of row என்று மாற்றினால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஆண்களில் கிட்டத்தட்ட 79 சதவீதம் ஆம். பெண்களில் 25 சதவீதம்தான். நாங்கள் சொன்ன 64 சதவீதம் இவர்களில் எந்தப் பக்கத்தின் கருத்தும் அல்ல. ஆண்கள் கூடுதலாகப் பதிலளித்ததால் அவர்களுடைய விருப்பமே ஊரின் விருப்பமாகத் தெரிந்தது. பிவட்டில் பிழை இல்லை என்பதை இந்தச் சூத்திரத்தால் ஒருமுறை சரிபார்த்தோம். 10 என்றே வந்தது:

```
=COUNTIFS(C:C,"பெண்",D:D,"ஆம்")
```

பிறகு வகுப்பு இடாப்பை எடுத்துப் பார்த்தோம். ஆண்கள் 70 பேரில் 56 பேர் பதில் தந்திருக்கிறார்கள். பெண்கள் 65 பேரில் 40 பேர்தான். பல பிள்ளைகளுக்குச் சொந்தப் போன் இல்லை; வாப்பா வேலையால் வந்த பிறகுதான் படிவம் கையில் கிடைக்கும். பதில் தராத 25 பேர் என்ன நினைக்கிறார்கள் என்பதை எந்தப் பிவட்டும் சொல்லாது. அவர்களிடம் தாளும் பேனையும் கொண்டு போய்த்தான் கேட்க வேண்டும்.

வெறுமையாக விட்ட பெண் பிள்ளைகளிடம் வகுப்பில் கேட்டபோது, "கூட்டிப் போக ஆள் வந்தால் வரலாம் டீச்சர், இல்லாவிட்டால் ஏலாது" என்றார்கள். ஆம், இல்லை என்ற இரண்டுக்குள் அந்தப் பதிலுக்கு இடமே இருக்கவில்லை. கேள்வியை நாங்கள்தான் குறுக்கிவிட்டோம்.

இப்போது பெண் பிள்ளைகளுக்கு 4 மணி, ஆண் பிள்ளைகளுக்கு 7 மணி என்று இரண்டாகப் பிரித்திருக்கிறோம். ஆசிரியர்களுக்கு வேலை கூடியதுதான். ஆனால் அந்த 64 சதவீதத்தை நம்பி மாற்றியிருந்தால், அடுத்த மாதம் 4 மணிக்கு வந்துகொண்டிருந்த பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் நின்றிருப்பார்கள். நாங்களும் "பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்று சொல்லியிருப்போம்.

ஆகவே இனி எங்கள் கூட்டங்களில் யாராவது ஒரு சதவீதத்தைச் சொன்னால் நாங்கள் மூன்று கேள்வி கேட்பதென்று முடிவு செய்திருக்கிறோம்: எத்தனை பேரில்? வெறுமையாக விட்டவர்கள் எத்தனை? பிரித்துப் பார்த்தால் யாருடைய பதில் இது? நீங்களும் உங்கள் சங்கத்தில் கேளுங்கள்.