மாதிரியை மூடிவிட்டு எழுதச் சொல்லுங்கள்

தமிழ்ப்பள்ளிகளில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு நாட்குறிப்பு எழுதக் கற்பிக்கும்போது இரண்டு துணைகளைத் தருகிறோம். ஒன்று வாக்கியத் தொடக்கங்கள், மற்றொன்று மாதிரி நாட்குறிப்பு. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இரண்டுமே தேவைதான். ஆனால் அவற்றைக் கொடுக்கும் முறையால் வகுப்பு முழுவதும் ஒரே நாளை வாழ்ந்ததுபோல் எழுதிவிடுகிறது.

முதலில் தொடக்கங்களைப் பார்ப்போம். "இன்று நான்...", "எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, ஏனென்றால்..." என்பவை ஆங்கிலப் பாடத்தின் அச்சில் வார்த்தவை. ஆங்கிலத்தில் வினை முன்னே வருவதால் தொடக்கத்தைக் கொடுத்தால் வாக்கியம் ஓடத் தொடங்கிவிடும். தமிழிலோ வினை கடைசியில் நிற்கிறது. "பார்த்தேன்" என்ற சொல்லிலேயே "நான்" அடங்கிவிடுகிறது. ஆகவே தமிழ்ப் பிள்ளைக்கு உதவுவது தொடக்கத்தைவிட இடையில் வரும் இணைப்புதான்.

"______ போது ______ பார்த்தேன்."
"______ என்று ______ சொன்னார்."
"______ தால் ______."

இந்த மூன்று சட்டங்கள் போதும். முதலாவது கண்டதைக் கேட்கிறது, இரண்டாவது கேட்டதைக் கேட்கிறது, மூன்றாவது காரணத்தைக் கேட்கிறது. உணர்ச்சியைக் கேட்கும் சட்டம் வேண்டாம். அதைக் கொடுத்தால் "மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது" என்ற ஒரே வரிதான் திரும்பி வரும்.

அடுத்தது மாதிரி. நாம் கொடுக்கும் மாதிரி பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலாவாக இருக்கிறது. ஜொகூரில் 2014 முதல் 2024 முடியும்வரை வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஞாயிறு பள்ளி நாள். அந்த ஆண்டுகளில் இப்படியொரு மாதிரியைப் பின்பற்றிய ஜொகூர் மாணவன், தான் பள்ளியில் இருந்த நாளில் கடற்கரைக்குப் போனதாக எழுத வேண்டியிருந்திருக்கும். 2025 ஜனவரி முதல் ஞாயிறு மீண்டும் விடுமுறையாகிவிட்டது. ஆனாலும் எல்லாக் குடும்பமும் சுற்றுலா போவதில்லை. போகாத பிள்ளை போனதாக எழுதுகிறது. நாட்குறிப்பின் முதல் பாடமே பொய் சொல்வதாகிவிடுகிறது.

ஆகவே மாதிரி சாதாரண நாளைப் பற்றியதாக இருக்கட்டும். ஜொகூர் பாரு வட்டாரத்தில் விடியுமுன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பெற்றோர் பலர். அந்த வீட்டுப் பிள்ளையின் நாள் இப்படி இருக்கலாம்:

14 ஜூலை 2025, திங்கள்
காலையில் எழுந்தபோது அப்பாவின் மோட்டார் சைக்கிள் வாசலில் இல்லை. மேசையில் அவர் குடித்த காப்பிக் குவளையைப் பார்த்தேன். பாட்டி எனக்குத் தலை பின்னினார். "உனக்கும் உங்கம்மா மாதிரியே கனமான முடி" என்று சொன்னார். மாலையில் மழை பெய்ததால் அப்பா வரத் தாமதமானது. எட்டரை மணிக்கு வந்தார். துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

இதில் உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பிள்ளை அப்பாவுக்காகக் காத்திருந்தது புரிகிறது. எழுத்து வழக்கில் எழுதினாலும் பாட்டியின் பேச்சு பேச்சாகவே மேற்கோளுக்குள் நிற்கிறது. இதையும் மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டலாம்.

ஒரு மணி நேரப் பாடத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் பத்து நிமிடம், நேற்று நடந்த ஒன்றை இருவர் இருவராகப் பேசட்டும். அடுத்த பதினைந்து நிமிடம் மாதிரியைப் படித்து, கண்டதற்கும் கேட்டதற்கும் காரணத்திற்கும் கோடிடட்டும். பிறகு மாதிரியை மூடிவிட வேண்டும். சட்டங்கள் மட்டும் கரும்பலகையில் இருக்க, இருபத்தைந்து நிமிடத்தில் ஐந்து முதல் ஏழு வாக்கியங்கள் எழுதட்டும். மீதி நேரத்தில் விரும்பியவர் மட்டும் வாசிக்கட்டும். அடுத்தடுத்த வாரங்களில் சட்டங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். மெதுவாக எழுதும் பிள்ளைக்கு மட்டும் அவை இன்னும் சில வாரம் இருக்கட்டும்.

பாடம் பலித்ததா என்று அறிய எளிய சோதனை உண்டு. ஐந்து நோட்டுகளின் பெயரை மறைத்துவிட்டுப் படியுங்கள். எது யாருடையது என்று சொல்ல முடியாவிட்டால், பிள்ளைகள் மாதிரியைத்தான் எழுதியிருக்கிறார்கள். வரிக்கு வரி "நான்" என்று தொடங்குவதும் அதே குறைக்கு அடையாளம்.

திருத்தும்போது பக்கமெங்கும் சிவப்பு மை வேண்டாம். இந்த வாரம் இறந்தகால வினையை மட்டும் திருத்திவிட்டு, ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள்: "அப்பா வந்ததும் என்ன சொன்னார்?" அடுத்த பக்கம் அந்தக் கேள்வியிலிருந்து நீளும்.

நாட்குறிப்பை ஆசிரியர் படிப்பார் என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வகுப்பில் வாசிக்க விரும்பாத பக்கத்தை மடித்து வைக்கலாம், அதை ஆசிரியர் மட்டுமே பார்ப்பார் என்றும் சொல்லலாம். ஆனால் பிள்ளைக்கு யாரோ தீங்கு செய்வதாக ஒரு வரி தெரிந்தால், அதற்கு மதிப்பெண் போட்டு நகரக்கூடாது. அன்றைக்கே தலைமையாசிரியரிடமும் பள்ளி ஆலோசகரிடமும் கொண்டுபோக வேண்டும். உண்மையை எழுதச் சொன்ன நாம்தான் அதற்குப் பொறுப்பு.