கட்டிலால் விழுந்த பிள்ளையை உறங்கப் போடச் சொன்னவருக்கு

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கைபேசிக்குக் கைபேசி போய்க்கொண்டிருக்கும் ஒரு குரல் பதிவை நானும் கேட்டேன். பேசுகிறவர் ஊர் மதிக்கும் ஒரு மூத்தவர். பெயரை எழுதப் போவதில்லை, அவர் வாதத்தோடுதான் எனக்கு வழக்கு. கட்டிலால் விழாத பிள்ளை ஊரில் ஏது என்கிறார். எண்ணெய் தேய்த்து, தண்ணி ஓதிக் கொடுத்து, உறங்கப் போட்டால் போதுமாம். இந்தக் காலத்து உம்மாமார்தான் எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்களாம்.

இதற்குச் சான்றாகத் தன் பேத்தியின் கதையைச் சொல்கிறார். பதினொரு மாதப் பிள்ளை அஸர் நேரத்தில் கட்டிலால் டைல்ஸ் தரையில் விழுந்தது. உடனே அழுதது. காதுக்கு மேலே பஞ்சு மாதிரி ஒரு வீக்கம். பிறகு உறங்கிவிட்டது. மஃரிபுக்குப் பிறகு மகள் எழுப்பிப் பார்த்தாள், கண்ணைத் திறந்து உடனே சொருகிக்கொண்டது. மூன்று தரம் சத்தி எடுத்தது. "இது என் புள்ள மாதிரியே இல்ல வாப்பா" என்று மகள் அழுதாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இவர் விடவில்லை. சுபஹுக்கு எழும்பிப் பால் குடித்ததாம். இதை ஒரு வெற்றியாகச் சொல்கிறார்.

அந்தக் கதையை அவர் சொன்னபடியே எடுத்துப் பார்ப்போம். 2009இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவின் 25 அவசர சிகிச்சைப் பிரிவுகளில், தலையில் அடிபட்டு வந்த 42,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்துச் செய்தது. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் ஆறு விஷயங்களைத் தேடச் சொல்கிறது அது: அறிவு மந்தம் அல்லது எழுப்ப முடியாத மயக்கம், கையால் தடவினால் தட்டுப்படும் எலும்பு முறிவு, நெற்றியில் அல்லாமல் தலையின் பக்கத்திலோ பின்புறத்திலோ வீக்கம், ஐந்து விநாடியோ அதற்கு மேலோ நினைவிழப்பு, மூன்று அடிக்கு மேலான விழுகை போன்ற பலத்த அடி, ஆறாவதாக, பிள்ளை வழமைபோல் இல்லை என்று பெற்றவர் சொல்வது.

ஆறில் ஒன்றும் இல்லாத பிள்ளைக்கு மூளையில் பாரதூரமான பாதிப்பு இருக்கும் வாய்ப்பு ஐயாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆகவே கட்டிலால் விழுகிற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்வது உண்மை. சாதாரணக் கட்டில் இரண்டடி உயரம்தான். விழுந்து, அழுது, பத்து நிமிடத்தில் சிரித்து விளையாடும் பிள்ளைக்கு நெற்றியில் மட்டும் ஒரு புடைப்பு என்றால், துணியில் சுற்றிய ஐஸை வைத்துவிட்டு வீட்டில் கவனித்துக்கொள்ளலாம். ஆனால் அவருடைய பேத்தி அந்தப் பிள்ளை அல்ல. காதுக்கு மேலே மெத்தென்ற வீக்கம், எழுப்பியும் தெளியாத மயக்கம், "என் புள்ள மாதிரி இல்ல" என்ற தாயின் சொல் என்று ஆறில் மூன்று அவளிடம் இருந்தன. தன் வாயால் மூன்று அபாய அறிகுறிகளைச் சொல்லிவிட்டு, அதையே ஆஸ்பத்திரி தேவையில்லை என்பதற்குச் சான்றாக வைக்கிறார்.

பிள்ளை பிழைத்ததே என்று கேட்பார். அந்த ஆய்வில் மயக்கமோ தட்டுப்படும் முறிவோ இருந்த சின்னப் பிள்ளைகளில் நூற்றுக்கு நான்குக்குச் சற்று மேற்பட்டோருக்கே பாரதூரமான பாதிப்பு இருந்தது. மற்றத் தொண்ணூற்றைந்து பிள்ளைகள் எண்ணெய் தேய்த்தாலும் எழும்பியிருப்பார்கள், தேய்க்காவிட்டாலும் எழும்பியிருப்பார்கள். அவர் பேத்தி அந்தப் பக்கம் இருந்தாள், அல்ஹம்துலில்லாஹ். அந்த நான்கு பிள்ளைகளின் மூத்தாப்பாமார் குரல் பதிவு போட மாட்டார்கள்.

காதுக்கு மேலே வந்த வீக்கத்துக்கு ஏன் பயப்பட வேண்டும்? நெற்றி எலும்பு தடித்தது. பக்கவாட்டு எலும்பு மெல்லியது, அதன் உட்புறத்தில் மூளை உறைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி ஓடுகிறது. எலும்பு கீறினால் அந்த நாடியும் கிழியலாம், இரத்தம் எலும்புக்கும் உறைக்கும் இடையில் தேங்கி மூளையை அழுத்தும். பஞ்சு போன்ற வீக்கம் கீழே முறிவு இருக்கலாம் என்பதன் அடையாளம். அதன் மேல்தான் எண்ணெய் ஊற்றி அழுத்தித் தேய்க்கச் சொல்கிறார். முறிந்த எலும்பின் மேல் அழுத்தினால் கசிவு கூடலாம்.

விழுந்தவுடன் அழுதது, ஆகவே பயமில்லை என்பது அவருடைய அடுத்த வாதம். உடனே அழுவது நல்ல அறிகுறிதான், ஆனால் அதுவே முடிவல்ல. 2009 மார்ச்சில் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடாவில் பனிச்சறுக்குப் பயிற்சியில் விழுந்தார். எழுந்து பேசினார், சிரித்தார், வந்த ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பினார். சில மணி நேரத்தில் தலைவலி தொடங்கியது, இரண்டு நாளில் இறந்தார். எலும்புக்கும் உறைக்கும் இடையிலான அதே இரத்தக் கசிவுதான் காரணம். பெரியவருக்குத் தலைவலி என்று சொல்ல வாய் இருந்தது. பதினொரு மாதப் பிள்ளைக்குச் சத்தியும் சிணுங்கலும் உறக்கமும்தான் பேச்சு.

உறக்கத்தைப் பற்றி ஊரில் இரண்டு கட்சி. உறங்கவே விடாதே என்று பிள்ளையை அடித்து எழுப்புகிறவர்கள் ஒரு பக்கம், உறங்கினால் சரியாகும் என்கிற இவர் மறுபக்கம். இரண்டும் பிழை. வழமையான நேரத்தில் வழமைபோல் உறங்கும் பிள்ளை உறங்கட்டும். ஆனால் முதல் இரவில் இடையிடையே தொட்டு எழுப்பிப் பார்க்க வேண்டும்: சிணுங்கித் தள்ளுகிறதா, தாயைத் தேடுகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா? எழுப்பியும் கண் சொருகினால் அதற்குப் பெயர் உறக்கம் அல்ல. சத்தியும் அப்படித்தான். அழுத அழுகையில் ஒரு தரம் எடுப்பது சாதாரணம், திரும்பத் திரும்ப எடுப்பது அல்ல.

ஆஸ்பத்திரிக்குப் போனால் ஸ்கேன் எடுத்துக் கதிரை உள்ளே விடுவார்கள் என்று பயமுறுத்துகிறார். நான் சொன்ன அந்த ஆய்வே தேவையில்லாத ஸ்கேனைக் குறைக்கச் செய்யப்பட்டதுதான். இடைநிலைச் சந்தேகமுள்ள பிள்ளையைச் சில மணி நேரம் வார்டில் வைத்துக் கவனிப்பதே பெரும்பாலும் போதும். கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கிறது, வடக்கு ஆதார வைத்தியசாலை இருக்கிறது. அங்கிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு மாற்ற நேர்ந்தால் சுமார் 40 கிலோமீட்டர். எப்படியும் மட்டக்களப்புக்கு அனுப்புவார்கள், பிறகெதற்கு என்கிறார். அந்த 40 கிலோமீட்டருக்காகத்தான் மஃரிபுக்கே கிளம்ப வேண்டும், சுபஹ் வரை பார்த்திருக்கக் கூடாது.

ஓதுவதற்கு எதிராக என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. ஆட்டோவுக்குள் பிள்ளையை மடியில் வைத்தும் ஓதலாம். வலிப்பு வந்தால், எழுப்ப முடியாவிட்டால், மூச்சு மாறினால், கண்மணி ஒன்று பெரிதாகத் தெரிந்தால், ஒரு பக்கக் கை கால் அசையாவிட்டால் ஆட்டோவும் வேண்டாம், 1990ஐ அழையுங்கள், சுவசெரிய இலவசமாக வரும். காதாலோ மூக்காலோ தெளிந்த நீரோ இரத்தமோ வந்தாலும், உச்சிக்குழி புடைத்தாலும், பால் குடிக்க மறுத்துத் தேற்ற முடியாமல் அழுதாலும் தாமதிக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளை விழுந்தால் அறிகுறிக்கே காத்திருக்க வேண்டாம்.

என்னை மிகவும் சினப்படுத்தியது அந்த மகளைப் பற்றி அவர் பேசிய தொனி. பெண்பிள்ளை பதறுவாள், ஆண்கள்தான் நிதானமாக முடிவெடுக்க வேண்டும் என்கிறார். பிள்ளை வழமைபோல் இல்லை என்று பெற்றவர் சொல்வதை, எலும்பு முறிவோடு ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது அந்த ஆய்வு. அன்று அந்த வீட்டில் சரியாக நோய் கணித்தவள் அந்த மகள் ஒருத்திதான். அவளைத் தடுத்ததைப் பெருமையாகச் சொல்லும் அந்தப் பதிவை அவர் திரும்பப் பெற வேண்டும். கேட்டுவிட்டு இன்னும் நான்கு பேருக்கு அனுப்பியவர்கள், அதே நான்கு பேருக்கும் அது பிழை என்று சொல்ல வேண்டும்.