பலகையில் இருப்பது எந்த 4.30?

ஆய்வுக்காகப் பேருந்து அட்டவணைகளைப் படம்பிடித்துத் தட்டச்சு செய்யும் வழக்கம் நம்மிடையே பெருகி வருகிறது. போக்குவரத்தை ஆராய்வோர் மட்டுமல்லர். கல்வி, உடல்நலம், மொழி ஆகியவற்றைக் களத்தில் ஆராய்வோரும் இதைச் செய்கிறார்கள். ஓர் ஊரிலிருந்து கல்லூரிக்குச் சென்று மாலையில் திரும்ப முடியுமா என்னும் கேள்விக்குப் பேருந்து நிலையச் சுவரே முதற்சான்று. அந்தச் சான்றை 24 மணி முறைக்கு மாற்றும்போது நேரும் ஒரு பிழையைப் பற்றியே இப்பதிவு. பலகையின் ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே எடுத்து ‘இது காலையாகத்தான் இருக்கும், இது மாலையாகத்தான் இருக்கும்’ என்று முடிவுசெய்வது தவறு என்பதே என் கருத்து. பொழுது எண்ணுக்குள் இல்லை. பலகையின் வரிசையில் இருக்கிறது.

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பேருந்தில் இரண்டு மணி நேர அளவுப் பயணம். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆயினும் கல்விக்கும் மருத்துவத்துக்கும் இவ்வழியே சென்று திரும்புவோர் குறையவில்லை. இத்தடத்துக்குரிய பலகை ஒன்றின் படத்தில் பின்வரும் வரிசை இருப்பதாகக் கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. சிக்கல்கள் களத்தில் கண்டவை.

4.30, 5.15, 6.00, 7.30, 9.00, 10.45, 12.15, 1.30, 3.00, 4.30, 6.00, 7.15, 8.45, 10.30, 12.10

மொத்தம் பதினைந்து பேருந்துகள். 4.30 இருமுறை வருகிறது, 6.00 இருமுறை வருகிறது. தரவைத் தூய்மை செய்வதாக எண்ணி ஒருவர் இவ்வரிசையை ஏறுமுகமாக அடுக்கி, ‘மீள்வரவு’களை நீக்கினால் இரண்டு பேருந்துகள் காணாமற்போகும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. எது காலை, எது மாலை என்று காட்டிய ஒரே சான்றான வரிசையும் அழிந்துவிடும். அடுக்கிய பின் எந்த 7.15 எந்தப் பொழுதுக்குரியது என்பதை யாராலும் மீட்க முடியாது. ஆகவே முதல் விதி: பலகையில் உள்ள வரிசையிலேயே, உள்ளபடியே தட்டச்சு செய்க. விரிதாளில் அந்த நெடுவரிசையை முன்கூட்டியே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுக. நம் பலகைகள் மணிக்கும் நிமிடத்துக்கும் இடையே புள்ளியே வைக்கின்றன. விரிதாள் அதைப் பதின்மப் புள்ளியாகக் கொண்டு 5.50-ஐ 5.5 ஆக்கிவிடும், பின்னர் அது ஐந்து ஐம்பதா, ஐந்து ஐந்தா என்னும் ஐயம் எழும்.

தமிழிலக்கணம் படித்தோர்க்கு இப்பலகையின் இயல்பு புதிதன்று. ‘பால் குடித்தான்’ என்பதில் ‘ஐ’ உருபு மறைந்து நிற்கிறது. ஆயினும் எவரும் பொருள் மயங்குவதில்லை. அருகிலுள்ள சொல் அதை மீட்டுத் தருகிறது. அட்டவணையும் அவ்வாறே பொழுதைத் தொக்கி வைக்கிறது. மேலிருந்து கீழே வாசிக்கும் பயணி அதைத் தானே விரித்துக்கொள்கிறார். 10.45, 12.15, 1.30 என்று வரும்போது எண் இறங்குகிறது. காலம் பின்னோக்கிச் செல்லாது. ஆதலால் நண்பகல் கடந்துவிட்டது என்று அவருக்குத் தெரிகிறது. நாம் செய்ய வேண்டியதும் அதுவே. 12-ஐச் சுழியமாகக் கொள்க. ஒவ்வொரு நேரத்தையும் அதற்கு முந்தியதோடு ஒப்பிடுக. எண் குறைந்தால் அந்த இடத்திலிருந்து 12 மணி நேரம் கூட்டுக. சமமாக இருந்தால் கூட்ட வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு பேருந்துகள் புறப்படலாம்.

```python
def unfold(times, offset=0):
    out, prev = [], None
    for h, m in times:
        t = (h % 12) * 60 + m
        if prev is not None and t < prev:
            offset += 720
        out.append(t + offset)
        prev = t
    return out
```

மேலுள்ள வரிசைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். முதல் 4.30 விடியற்காலை என்பதால் `offset` சுழியத்தில் தொடங்குகிறது. 10.45 வரை மாற்றமில்லை. 12.15 என்பது 0.15 ஆகிறது, இது 10.45-ஐவிடக் குறைவு. எனவே 12 கூட்ட, 12:15 கிடைக்கிறது. இரண்டாம் 4.30 என்பது 16:30, இரண்டாம் 6.00 என்பது 18:00. 10.30 என்பது 22:30. இறுதியில் உள்ள 12.10 மீண்டும் இறங்குகிறது. இன்னொரு 12 கூட்ட, 24:10 வருகிறது. அதாவது மறுநாள் 00:10. இதை 24:10 என்றே வைத்துக்கொள்வது நல்லது. உலகெங்கும் பொதுப் போக்குவரத்துத் தரவுக்குப் பயன்படும் ஜிடிஎஃப்எஸ் வடிவமும் `stop_times.txt` கோப்பில் `24:10:00` போன்ற மதிப்புகளை ஏற்கிறது; ஒரு சேவை நாளின் பேருந்து நள்ளிரவைக் கடந்தாலும் அந்நாளுக்கே உரியதாக எண்ணப்படுகிறது. 00:10 என்று எழுதி அடுக்கினால், நாளின் கடைசிப் பேருந்து முதற்பேருந்தாகிவிடும்.

இம்முறையின் சிறப்பு, தன் பிழையைத் தானே காட்டுவது. விடியலில் தொடங்கும் ஒரு நாள் அட்டவணையில் இரண்டு இறக்கங்களுக்கு மேல் இருக்க இயலாது: ஒன்று நண்பகலில், மற்றொன்று நள்ளிரவில். சுவரின் அகலம் கருதி இப்பதினைந்து நேரங்களையும் இடப்பக்கம் எட்டு, வலப்பக்கம் ஏழு என இரண்டு நெடுவரிசைகளாக எழுதியிருப்பதாகக் கொள்க. எழுத்துணரி மென்பொருள் மேலிருந்து கீழாக வாசிக்காமல் குறுக்காக வாசித்தால் 4.30, 3.00, 5.15, 4.30, 6.00, 6.00 என்று வரும். அப்போது ஏழு இறக்கங்கள் உண்டாகின்றன. கடைசிப் பேருந்து 85:30 மணிக்கு, அதாவது நான்காம் நாள் பிற்பகலில் புறப்படுகிறது. இந்த அபத்தம் நமக்கு நன்மையே. வாசிப்பு வரிசை தவறு என்பதை அது உரக்கச் சொல்கிறது. வண்ணம் உதிர்ந்த 8.45-ஐ 3.45 என்று வாசித்தாலும் மூன்றாம் இறக்கம் தோன்றி நம்மைத் தடுக்கும். எண்களைத் தனித்தனியே மாற்றியிருந்தால் 15:45 என்னும் இயல்பான மதிப்பு கிடைத்திருக்கும். எவரும் ஐயுற்றிருக்க மாட்டார்கள்.

பலகையிலேயே பொழுதுக் குறி இருந்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நினைப்போர் உண்டு. தெலுங்குப் பலகைகளில் உதயம், மத்யாஹ்னம், சாயந்த்ரம், ராத்ரி என்னும் சொற்களோ அவற்றின் முதலெழுத்துகளோ வரலாம். ஆனால் இந்நான்கும் ஏ.எம்., பி.எம். என்னும் இரண்டின் மொழிபெயர்ப்பு அல்ல. ‘ராத்ரி 10.30’ என்பது 22:30, ‘ராத்ரி 12.10’ என்பது மறுநாளின் தொடக்கம். ஒரே குறி நள்ளிரவின் இருபுறமும் நிற்கிறது. தமிழின் ‘இரவு’ம் அப்படித்தான், நம் சிறுபொழுதுகளுள் யாமமும் நள்ளிரவை நடுவில் வைத்தே அமைகிறது. ‘ராத்ரி என்றால் பி.எம்., பி.எம். என்றால் 12 கூட்டு’ என்று மாற்றும் எளிய சூத்திரம் இங்கே இருமுறை தவறுகிறது. 12.10-ஐ அது 24:10 என்று தந்தால் அது தற்செயல். அதே சூத்திரம் நண்பகல் 12.15-ஐயும் 24:15 ஆக்கிவிடும். ‘ராத்ரி 1.00’ இருந்தால் அதை 13:00 ஆக்கும். எனவே குறியை விடையாகக் கொள்ளாமல் சான்றாகக் கொள்க. வரிசையிலிருந்து பெற்ற மதிப்போடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்து, முரண்பட்டால் படத்துக்குத் திரும்புக.

இம்முறைக்கும் எல்லை உண்டு. சித்தூர்–திருப்பதி போன்ற நெருக்கமான தடத்தில் வரிசை பேசும். ஆனால் உள்ளூர்ப் பலகை ஒன்றில் 6.00, 7.00 என இரண்டே நேரங்கள் இருந்தால்? காலை ஆறும் ஏழுமா, காலை ஆறும் மாலை ஏழுமா? அடுத்தடுத்த பேருந்துகளுக்கு இடையே 12 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடும் என்றால் இறக்கம் என்னும் சான்று பயனற்றுப்போகிறது. பயண நேரத்தைக் கொண்டு சரிபார்க்கலாம் என்று தோன்றும். அதுவும் போதாது. புறப்பாட்டை 6:00 என்றும் வருகையை 8:00 என்றும் எழுதினாலும் இரண்டு மணி நேரமே; 18:00, 20:00 என்று எழுதினாலும் இரண்டு மணி நேரமே. இரண்டும் ஒருசேர 12 மணி தவறியிருந்தால் வேறுபாடு அதைக் காட்டாது. வரிசைக்கு வெளியே நிற்கும் ஒரு பிடிமானம் வேண்டும்: நிலையத்தில் பணியிலிருப்பவரின் ஒரு சொல், அல்லது அந்தப் பேருந்து புறப்படும்போது எடுத்த படத்தின் நேரப் பதிவு. பலகையைப் படம்பிடித்த நேரம் அதற்கு உதவாது. பேருந்தைப் படம்பிடித்த நேரம் உதவும். பிடிமானம் இல்லையெனில் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும்.

இந்தக் கடைசிக் கருத்தைத்தான் சக ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. ‘ஊர்ப்புறத்தில் எந்தப் பேருந்து மாலை 7 மணிக்கு வரும்? காலை என்றே போடு’ என்பர். இதில்தான் ஆபத்து. மாலைப் பேருந்து உண்டா என்பதே நம் கேள்வியாக இருக்கும்போது, இராது என்னும் ஊகத்தால் கட்டத்தை நிரப்பினால், நாம் தேடிச் சென்ற விடையை நாமே எழுதி வைத்தவர்களாவோம். ஐந்து நிமிடப் பிழை சராசரியில் கரைந்துவிடும். 12 மணி நேரப் பிழையோ ஒரு மாணவியின் திரும்பும் பேருந்தைத் தரவிலிருந்தே நீக்கிவிடும். அட்டவணை மட்டும் முழுமையாகத் தோன்றும்.

ஆகவே நம் தரவுக் கோப்புகளில் நேரத்துக்கு ஒரு நெடுவரிசை போதாது, நான்கு வேண்டும். பலகையில் உள்ளபடி எழுத்து வடிவில் நேரம். பலகையில் உள்ளபடி பொழுதுக் குறி, இல்லையெனில் வெறுமை. 24 மணி மதிப்பு. அம்மதிப்பு வரிசையால் பெறப்பட்டதா, குறியாலா, களத்தில் கேட்டதாலா என்னும் குறிப்பு. முதல் இரண்டையும் எவரும் திருத்தக் கூடாது. மூன்றாவதை நாளை வேறொருவர் மறுக்க வேண்டுமானால், அதற்கு வேண்டிய அனைத்தும் மற்ற மூன்றிலும் இருக்கும்.