பிள்ளைக்கு அடித்துவிட்டார்கள்: கதைத்துப் பார்ப்பதா, எழுதிக் கொடுப்பதா?



பாடசாலையில் பிள்ளைக்கு அடி விழுந்தால் நம் ஊரில் இரண்டு குரல்கள் கேட்கும். "ஸேரிட்ட நேரா போய்க் கதைங்க, பெரிசாக்க வேணாம்" என்பது ஒன்று. "சும்மா விடாதீங்க, வலயத்துக்கு எழுதிப் போடுங்க" என்பது மற்றது. ஆசிரியர்களாகவும் பெற்றாராகவும் இருக்கிற நாம் இரண்டு பக்கத்திலும் நிற்பவர்கள். எது கோழைத்தனம், எது வீரம் என்று பார்க்காமல், எதில் என்ன இழக்க நேரும் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு விடயம். உடல் ரீதியான தண்டனை கூடாது என்பது கல்வி அமைச்சின் சுற்றறிக்கையில் இருக்கிறது. எனவே பெற்றார் வந்து கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. "எங்கட காலத்துல எவ்வளவு அடி வாங்கினோம்" என்பது அதற்குப் பதிலும் அல்ல.

ஓர் உதாரணத்தை எடுப்போம். தரம் 7 பிள்ளை, வீட்டுவேலை செய்யவில்லை. ஆசிரியர் அடிமட்டத்தால் உள்ளங்கையில் இரண்டு அடி போட்டார். கை சிவந்தது, மறுநாள் அடையாளம் இல்லை. இதற்கு முன் இப்படி நடந்ததும் இல்லை. இங்கே நேரில் கதைப்பதே நல்லது என்பது நம் கருத்து. எழுத்து மூல முறைப்பாடு நம் கையை விட்டுப் போனால் பின்னர் நம் சொல் கேட்டு நிற்காது. வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் போனால் அதிபரிடம் விளக்கம் கோருவார்கள், ஆரம்ப விசாரணை வரும், வாக்குமூலம் எடுப்பார்கள். நாளைக்கு மனம் மாறி "வாபஸ் வாங்குறேன்" என்றாலும் கோவை மூடப்படும் என்பதில்லை. அதற்கிடையில் பிள்ளை தினமும் அதே வகுப்பில், அதே ஆசிரியர் முன்னால் உட்கார வேண்டும். இடமாற்றம் என்று வந்தால், கணித ஆசிரியர் ஒருவரே இருக்கிற சிறிய பாடசாலையில் அந்த இழப்பு நாற்பது பிள்ளைகளுக்கு.

ஆனால் கதைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கேட் வாசலில், மற்ற உம்மாமார் முன்னால் கேட்டால் அது புத்திமதியாக இராது, அவமானப்படுத்தலாகிவிடும். நஸீஹத் தனிமையில்தான். பாடசாலை முடிந்த பின், முடிந்தால் பகுதித் தலைவரையும் வைத்துக்கொண்டு, நடந்ததைச் சொல்லி ஒரே ஒரு விடயத்தைக் கேளுங்கள்: "வீட்டுவேலை செய்யாட்டி எனக்கு அறிவிங்க ஸேர், கை வைக்க வேணாம்." அன்றிரவே திகதி, நேரம், யார் இருந்தார்கள், என்ன சொன்னார் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அதை ஒருவருக்கும் காட்டத் தேவையில்லை. ஆனால் இரண்டாவது முறை நடந்தால், "ஏற்கனவே சொன்னோம்" என்பதற்கு உங்களிடம் இருக்கப்போவது அது ஒன்றுதான்.

இனி அதே பிள்ளை, வேறு சம்பவம். ஆசிரியர் கன்னத்தில் அறைந்தார். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு வருகிறது, இரைச்சல் கேட்கிறது என்கிறது. இங்கே முதலில் ஆஸ்பத்திரி, அதுவும் அன்றே. என்ன நடந்தது என்று வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். "விழுந்துட்டார்" என்று ஒருமுறை பதியப்பட்டுவிட்டால் பிறகு உண்மையைச் சொல்லி நம்பவைப்பது மிகவும் கஷ்டம். காயம் ஆறும், வீக்கம் வற்றும். அந்த வைத்திய அறிக்கைதான் மிஞ்சும். ஓர் அறை எதுவரை போகும் என்பதற்கு 2021இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு சாட்சி. ஆசிரியர் அறைந்ததில் தென்பகுதி மாணவர் ஒருவரின் ஒரு காதின் கேட்கும் திறன் நிரந்தரமாகப் போனது. அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டதாக நீதிமன்றம் கூறியது. இழப்பீட்டில் ஒரு பங்கை அந்த ஆசிரியரே கட்ட வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

இந்த இடத்தில்தான் "கதைத்துப் பார்ப்போம்" என்பது ஆபத்தாகிறது. ஆசிரியர் வீட்டுக்கு வருவார், பழம் கொண்டு வருவார். அதிபர் "பாடசாலையின் பேர்" என்பார். பள்ளிவாசலில் நாலு பேர் கூடி மஸ்லஹத் செய்வார்கள். எல்லாரும் நல்லெண்ணத்தில்தான் வருகிறார்கள். ஆனால் இந்தக் கூட்டங்கள் மூன்று வாரம், நாலு வாரம் ஓடும். அரச பாடசாலையில் நடந்த உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக அரசியலமைப்பு தரும் காலம் ஒரு மாதம் மட்டுமே. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. இதைத் தெரியாமல் சமாதானம் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு, பேச்சு முறியும்போது அந்தக் கதவும் மூடியிருக்கும். நாம் எல்லாரும் நீதிமன்றம் போகப்போவதில்லை. ஆனாலும் போவதா இல்லையா என்பதை நாம் தீர்மானிக்க வேண்டும், கலண்டர் தீர்மானிக்கக் கூடாது.

எனவே காயம் இருந்தால், இரண்டாவது முறை நடந்தால், அல்லது பிள்ளை பாடசாலைக்குப் போகவே பயந்தால், எழுதுங்கள். சமாதானப் பேச்சு அதற்குப் பக்கத்தில் நடக்கட்டும். கடிதம் ஒரு பக்கம் போதும். எந்தத் திகதி, எந்தப் பாடவேளை, பிள்ளை தன் வாயால் சொன்னது, நீங்கள் கண்ட அடையாளம், வைத்தியர் சொன்னது, நீங்கள் கேட்பது என்ன. "மிருகத்தனமாக", "திட்டமிட்டு" என்ற சொற்கள் வேண்டாம். விசாரணையில் முதலில் உடைவது அந்தச் சொற்கள்தான், அவற்றோடு உண்மையும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அதிபரிடம் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் பிரதி இடுங்கள். பிள்ளைக்குப் பாதுகாப்பில்லை என்று பட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் இருக்கிறது.

எழுதினால் பழிவாங்குவார்களோ என்ற பயம் நியாயமானது. புள்ளி குறைப்பதை விட, பிள்ளையை வகுப்பில் ஒதுக்கி வைப்பதும், "இவர்ட வாப்பா பெட்டிசம் அடிப்பார்" என்று குத்திக் கதைப்பதும்தான் அதிகம் நடக்கும். அதனால் கடிதத்திலேயே, விசாரணை முடியும்வரை பிள்ளையை வேறு வகுப்புப் பிரிவுக்கு மாற்றும்படி கேளுங்கள். அதற்கு முன் பிள்ளையிடமும் கேளுங்கள். பள்ளிவாசல் பேச்சில் எல்லாரும் கதைப்பார்கள், அடி வாங்கிய பிள்ளையிடம் மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

இரண்டுக்கும் பயந்து நம்மவர்கள் எடுக்கிற மூன்றாவது வழிதான் எல்லாவற்றிலும் மோசம்: பெயர் இல்லாத மொட்டைக் கடிதம், அல்லது ஆசிரியரின் படத்தோடு வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு குரல்பதிவு. மொட்டைக் கடிதத்தை விசாரிக்க ஆள் இல்லை. குரல்பதிவு ஒரு மனிதரை விசாரணைக்கு முன்பே தண்டிக்கிறது, பிள்ளையின் பெயரையும் ஊர் முழுக்கப் பரப்புகிறது. அதோடு, ஆசிரியர் பக்கம் பிழை இருந்தாலும் பேச்சு அவதூறு பற்றியதாக மாறிவிடும்.

ஆசிரிய சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பெற்றார் தனியாக வந்து மெதுவாகக் கதைத்தால், அவர் நமக்கு ஒரு சந்தர்ப்பம் தருகிறார். "நீங்க எனக்குப் படிப்பிக்க வாறீங்களா?" என்று அவரைத் திருப்பி அனுப்பினால், அவரது அடுத்த வழி கடிதம்தான். அதற்கு அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.