ஆதார் அப்டேட் பாக்கின்னு அட்மிஷனை மறுக்க முடியாது!

திருப்பூர் தோழர்களே,

5 வயசுக்குள்ள எடுத்த ஆதாரில் போட்டோ மட்டும்தான் இருக்கும். கைரேகை, கருவிழிப் பதிவு இருக்காது. அதனால 5 வயசு முடிஞ்சதும் ஒரு தடவை, 15 வயசில் மறுபடி ஒரு தடவை, குழந்தையை ஆதார் மையத்துக்கு நேரில் கூட்டிட்டுப் போய் பதியணும். நம்பர் மாறாது.

2018 ஜூனில் பிறந்த குழந்தைக்கு 2025 ஜூனோட 7 வயசு முடிஞ்சிருச்சு. இன்னும் பதியலைன்னா ஆதாரே செயலிழக்கலாம். ஸ்காலர்ஷிப்பில் சிக்கல் வரும்.

ஆனா அட்மிஷனை மறுக்க முடியாது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமில்லைன்னு 2018 செப்டம்பர் 26-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. மறுத்தா காரணத்தை எழுத்தில் கேளுங்க. முதன்மைக் கல்வி அலுவலர்கிட்ட மனு கொடுங்க.

பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற தாய்க்கு, மையத்தில் ஒரு நாள் நின்னா ஒரு நாள் கூலி போச்சு. பள்ளிகளிலேயே முகாம் நடத்தச் சொல்லி 2025 ஆகஸ்டில் ஆதார் ஆணையமே மாநிலங்களுக்கு எழுதியிருக்கு. யாருக்குப் பாக்கின்னு யுடைஸ் தளத்தில் பள்ளிக்கே தெரியும். அப்புறம் எதுக்குப் பெத்தவங்களை அலைய விடணும்?

7 முதல் 15 வயசு வரை கட்டண விலக்கு 2026 செப்டம்பர் 30 வரைதான். அதுக்குள்ள ஒவ்வொரு பள்ளியிலும் ஞாயிற்றுக்கிழமை முகாம் வேணும். இதுதான் நம்ம கோரிக்கை. பகிருங்கள்!