பேராசிரியருக்கு எழுதும் முறை இதுவா?

கம்பம் பள்ளத்தாக்கில் கொடிமுந்திரி அறுவடைக்குத் தந்தையுடன் நின்ற மாணாக்கன் ஒருவன், தன் பேராசிரியருக்குப் புலனத்தில் இவ்வாறு எழுதுவதாகக் கொள்வோம்: “ஜிஎம் சார், அசைன்மென்ட் முடிக்கல, டூ டேஸ் டைம் குடுங்க, ப்ளீஸ்.” காலை வணக்கம் இரண்டு ஆங்கில எழுத்தாய் வற்றிவிட்டது! எழுதியவன் யார், எவ்வகுப்பினன், ஏன் முடிக்கவில்லை என்பனவும் இல்லை. சொல்லைக் குறைத்தவன் செய்தியையும் குறைத்துவிட்டான். பேராசிரியர் திருப்பிக் கேட்டன்றோ அறிய வேண்டும்?

ஒன்றை இரந்து கேட்பதற்குத் தொல்காப்பியர் மூன்று சொற்களை வரையறுத்தார். தாழ்ந்தவன் ‘ஈ’ என்று கேட்பான். நிகரானவன் ‘தா’ என்பான். மேலானவன் ‘கொடு’ என்பான். அதன்படி ‘குடுங்க’ என்பது ஆசிரியர் மாணாக்கனிடம் கேட்கும் சொல்! இன்றைய வழக்கில் அவ்வேறுபாடு மறைந்தது உண்மையே. ‘கொடுங்கள்’ என்பானைக் குறைகூற வேண்டா. ஆயினும் பணிவு காட்ட ‘அளித்து உதவ வேண்டுகிறேன்’ என்னும் தொடர் நம்மிடம் இருக்கிறதே!

அவன் எழுதியிருக்க வேண்டுவது இது: “பேராசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். நான் வரலாற்றுத்துறை இரண்டாமாண்டு மாணாக்கன். வீட்டில் கொடிமுந்திரி அறுவடை நடப்பதால் ஒப்படையை இன்று முடிக்க இயலவில்லை. வியாழன்வரை காலம் அளித்து உதவ வேண்டுகிறேன். நன்றி.” கீழே தன் பெயரையும் இடுக. பேராசிரியர் பெண்ணாயின் ‘அம்மா’ என்க, ‘மேம்’ வேண்டா.