சிரிப்புக்கும் ஒரு சோதனைச்சாவடி

மூணாற்றிலிருந்தும் கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் கேரளத்தின் உள்மாவட்டக் கல்லூரிகளுக்குச் செல்லும் தமிழ் மாணவர்கள் நண்பர் குழுக்களில் ஒதுங்கி நிற்பது ஏன் என்று பேச்செழுந்தால், நம் பேராசிரியர்கள் ஒரே மருந்தைத்தான் எழுதித் தருகிறார்கள்: “மலையாளம் சரளமாகட்டும், எல்லாம் சரியாகிவிடும்.” நோயையே தவறாகக் கணித்தவர்களின் மருந்து இது.

இம்மாணவர்களில் பலர் மலையாளத்தைக் கேட்டும் பேசியும் வளர்ந்தவர்கள். ‘வெள்ளம்’ அங்கே குடிநீர், ‘விஷமம்’ வருத்தம், ‘அவசரம்’ வாய்ப்பு என்ற தடுமாற்றங்களையெல்லாம் பள்ளிப் பருவத்திலேயே கடந்தவர்கள். வாக்கியம் முழுவதும் புரிந்து, சிரிப்பு மட்டும் புரியாமல் போவதே அவர்களுடைய சிக்கல். அதற்கு எந்த இலக்கண நூலிலும் விடையில்லை.

நானும் அவர்களில் ஒருத்தி. முதுகலையின் முதல் மாதத்தில், உதவித்தொகை வந்துவிட்டதென நம்பி அலுவலகத்துக்கு ஓடிய தோழி வெறுங்கையுடன் திரும்பினாள். “கஃபூர்க்காவின் படகு” என்றாள் இன்னொருத்தி. அறையே சிரித்தது. ஒரு சொல்லும் விளங்காத நானும் சிரித்தேன்.

உரையாடல் ஆய்வாளர் ஹார்வி சாக்ஸ் 1974-இல் எழுதிய கட்டுரையொன்றில், நகைச்சுவையை ஒரு புரிதல் சோதனையாகக் காண்கிறார். கேட்பவர் உரிய கணத்தில் சிரித்தால் புரிந்துகொண்டவராகவே கருதப்படுவார். ஆகவே புரியாதவரும் சிரித்துத் தப்பிவிட முடியும். ஆனால் அந்தத் தப்பித்தலுக்கு ஒரு விலை உண்டு. முதல் நாள் “அது என்ன?” என்று கேட்பது எளிது. சிரித்துவிட்ட பிறகு கேட்டால், அன்றைய சிரிப்பு பொய்யென்று ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாம் மாதம் விடுதிக்குப் புதிதாக வந்தவள் அந்தப் படகைப் பற்றி என்னிடமே விளக்கம் கேட்டாள். நான் விழித்தேன். பொய்ச் சிரிப்பு அன்றுதான் உடைந்தது.

அன்றிரவு தோழியர் கதையை நடித்தே காட்டினர். 1987-இல் வந்த ‘நாடோடிக்காற்று’ படத்தில், வேலையற்ற இருவரிடம் பணம் பெறும் கஃபூர், துபாய்க்கென்று படகேற்றிச் சென்னைக் கரையில் இறக்கிவிடுகிறான். எங்கும் தமிழ்ப் பலகைகளைக் கண்ட பிறகே ஏமாந்தது அவர்களுக்குத் தெரிகிறது. எனக்குப் புரியாதிருந்தது மொழியன்று. ஒரு படத்தின் நினைவு. அதைக் கற்பிக்க ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. கேட்கப்படுவதில் அவர்களுக்கு மகிழ்ச்சியே. நான் மட்டும் மூன்று மாதம் வீணாக அஞ்சியிருந்தேன்.

“அவர்கள் நெஞ்சுடைந்து பார்த்த அந்தப் பலகைதான் எங்களுக்கு வீடு வந்ததன் அடையாளம்” என்றேன். மீண்டும் அறை சிரித்தது. அதன்பின் விடுமுறைக்கு நான் ஊர் சேரும்போதெல்லாம் “துபாய் வந்துவிட்டதா?” என்று செய்தி வரும். குழுவின் நகைச்சுவையில் என் பங்கும் சேர்ந்தது.

எனினும், அதே விடுதியில் இன்னொரு சிரிப்பும் இருந்தது. நான் எண்ணெய் தேய்த்தாலும், உரக்கப் பேசினாலும், மல்லிகை சூடினாலும் ‘பாண்டி’ என்ற ஒரு சொல் விழும். அதற்கு விளக்கம் கேட்டவுடன் அறை அமைதியாகிவிடும். “சும்மா விளையாட்டுக்கு” என்பார்கள்.

மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரௌன் 1940-இல் கேலி உறவுகளை இருவகையாகப் பிரித்தார். ஒன்றில் இருவரும் ஒருவரையொருவர் கேலி செய்யலாம். மற்றொன்றில் ஒருவரே கேலி செய்வார். மற்றவர் அதைப் பொறுத்துக்கொள்வார், அல்லது மிகச் சிறிதே திருப்பித் தருவார். நம் புத்தறிமுகப் பயிற்சிகள் இந்த வேறுபாட்டைத்தான் மறைக்கின்றன. ‘கஃபூர்க்காவின் படகு’ விளக்கக்கூடியது, திருப்பித் தரக்கூடியது. ‘பாண்டி’ அவ்விரண்டும் அன்று. அதற்கு இணையான சொல்லை நான் அந்த அறையில் வீசியிருந்தால், அது விளையாட்டாகக் கொள்ளப்பட்டிருக்காது.

எனவே புதிதாகச் செல்லும் தம்பி தங்கையருக்கு என் சொல் இதுதான். புரியாதபோது சிரிக்காதீர்கள், அந்தக் கணத்திலேயே, அருகிலிருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். பொருள் கிடைத்தால், அதில் உங்கள் நகைச்சுவையையும் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். கேட்ட கேள்விக்கு அமைதியே விடையாக வந்தால், அங்கே நீங்கள் கேட்பவர் அல்லர், கேலிப்பொருள். அந்தச் சிரிப்பில் சேராமலிருப்பது உங்கள் மொழிக்குறையன்று.

பேராசிரியர்களுக்கும் ஒன்று. 1956-இல் தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தோடு இருந்தன. அங்கிருந்து வரும் மாணவி விருந்தாளி அல்லள், இம்மாநிலத்தின் பிள்ளை. அவளை மலையாளம் கற்கச் சொல்லும் முன், உங்கள் வகுப்பறை எதற்குச் சிரிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.